இம்ப்யூட்டேஷன்: இட்டு நிரப்பல்

கணக்கெடுப்பு அட்டவணையில் விடை விடுபட்ட கட்டத்தில், கிடைத்த மற்ற விடைகளை வைத்துக் கணித்த ஒரு மதிப்பை எழுதுவதற்குப் பெயர் இம்ப்யூட்டேஷன். அப்படி எழுதாமல், விடை சொல்லாதவரின் நிரையையே எடுத்துவிட்டால் அது டெலீஷன்.

லத்தீனில் ‘புட்டாரே’ என்றால் கணக்கிடுதல். ‘இம்புட்டாரே’ என்றால் ஒருவர் கணக்கில் ஏற்றுதல். கம்ப்யூட்டர் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஒருவர் பேரில் ஏற்றுவது என்ற பொருள் ஆங்கிலத்தில் பழி சுமத்துவதாகவும் வளர்ந்தது. அதைப் பார்த்து ‘சாட்டுதல்’ என்று தமிழாக்கினால் புள்ளியியலில் ஒட்டாது. ‘இட்டு நிரப்பல்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வெறும் ‘நிரப்பல்’ என்றால், அந்த எண்ணைக் கேட்கப்பட்டவர் சொல்லவில்லை, நாம்தான் வைத்தோம் என்பது மறைந்துவிடும். ‘இட்டு’ அதைக் காட்டிக்கொடுக்கிறது. டெலீஷனுக்கு ‘நிரை நீக்கல்’ போதும்.

எதை எப்போது செய்வது? காவிரி டெல்டாவில் சம்பா விளைச்சலைக் கேட்டுப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைக்கும் எண்கள் இவை. பத்து விவசாயிகள், ஐந்து பேர் தலைமடை, ஐந்து பேர் கடைமடை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை (60 கிலோ) என்பது கேள்வி. தலைமடையில் ஐவரும் சொன்னார்கள்: 38, 40, 42, 40, 40. கடைமடையில் இருவர்தான் சொன்னார்கள்: 24, 28. மற்ற மூவரின் கட்டம் காலி.

மூவரையும் நீக்கினால் ஏழு பேரின் சராசரி 36 மூட்டை. காலிக் கட்டங்களில் அந்த 36-ஐயே இட்டாலும் சராசரி மாறாது; கடைமடை வயலில் தலைமடை விளைச்சலை ஏற்றிவைத்ததுதான் மிச்சம். கடைமடையின் சொந்தச் சராசரியான 26-ஐ மூவருக்கும் இட்டால் மொத்தச் சராசரி 33. ஆக, நீக்கல் மூன்று மூட்டையைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில், நீக்கலும் அந்தந்த மடையின் சராசரியை இடுவதும் இப்படி இருக்கும்:

```
df.dropna(subset=["moottai"])
df["moottai"].fillna(df.groupby("madai")["moottai"].transform("mean"))
```

அதற்காக நீக்கல் எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டேன். மழையில் நனைந்து சில தாள்களில் எழுத்து கலைந்துவிட்டது என்றால், நனைந்ததற்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை. அப்போது நீக்கினால் ஆள் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். சராசரி ஒரு பக்கம் சாயாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, காலிக் கட்டங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதை. இங்கே தலைமடையில் ஒன்றும் இல்லை, கடைமடையில் ஐந்துக்கு மூன்று. இப்படி ஒரு பக்கம் குவிந்திருந்தால் நீக்கலை நம்பக் கூடாது.

சரி, மூவருக்கும் ஒரே 26-ஐ இட்டதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கடைமடை வயல்கள் ஒன்றுபோலவே விளைந்ததாகக் காட்டி, பிழை வரம்பைப் பொய்யாகச் சுருக்கிவிடும். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1987-இல் விரிவாக எழுதிய வழி, ஒரு முறைக்குப் பல முறை இடுவது. விடை சொன்ன கடைமடைக்காரரிடமிருந்து ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுத்து இட்டால் 24, 24, 28 வரலாம். மொத்தச் சராசரி 32.8 ஆகும். இன்னொரு முறை மூன்றும் 28 வந்தால் 33.6. இந்த வேறுபாட்டையும் பிழை வரம்பில் சேர்க்க வேண்டும். இரண்டே விடையிலிருந்து எடுப்பதால், உண்மையான ஐயம் இதைவிடப் பெரிது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு அனுமானம் கிடக்கிறது: விடை சொல்லாதவரும் தன் பக்கத்து விவசாயியைப் போன்றவர்தான் என்பது. “அதையெல்லாம் என்னத்தச் சொல்றது தம்பி, விடுங்க” என்று ஒருவர் சொன்னால் அந்த அனுமானம் ஆட்டம் காண்கிறது. பயிர் மூழ்கிப் போனதாலேயே அவர் சொல்லாமல் இருக்கலாம். கேட்கப் போனவர் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு வந்தால், அந்தக் கோடு பூஜ்ஜியமா, சொல்ல மறுத்ததா, அல்லது நிலமே இல்லாத கூலித் தொழிலாளியிடம் கேட்ட பொருந்தாத கேள்வியா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பூஜ்ஜியம் என்பது ஒரு விடை. அதை 0 என்றே எழுத வேண்டும். பொருந்தாத இடத்தில் எதையும் இடவே கூடாது. இட்டு நிரப்ப வேண்டியது, விடை என்று ஒன்று இருந்தும் நமக்குக் கிடைக்காத கட்டத்தை மட்டும்தான்.

மறுத்தவர்களின் விளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவா என்பதைக் கையிலுள்ள அட்டவணை சொல்லாது. முடிந்தால் அவர்களில் சிலரிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். முடியாவிட்டால் 26-க்குப் பதில் 20 இட்டுப் பார்க்கலாம், சராசரி 31.2-க்கு இறங்கும். அறிக்கையில் 33-ஐ மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், இட்ட கட்டங்களைக் குறிக்க அட்டவணையில் தனியாக ஒரு நிரல் வையுங்கள், இட்டதற்கு 1, சொன்னதற்கு 0 என்று.