ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதுங்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் பணிபுரியும் மருந்தகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வாடிக்கையாளர்கள் அடிக்கடி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். முகநூலில் வந்த மருந்து விளம்பரம், அதன் கீழே நான்கைந்து கருத்துகள். உடன் ஒரு சொல்கூட இருக்காது. இது உண்மையா என்று கேட்கிறார்களா, கீழே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லச் சொல்கிறார்களா, அங்கே எழுத ஒரு பதில் வேண்டுமா? மூன்றும் வேறு வேறு வேலைகள். ஊகித்துக்கொண்டு பதில் அனுப்பினால், அவர் எதற்காகத் தவித்தாரோ அது அப்படியே நின்றுவிடும்.

அண்மையில் ஓர் அக்கா அனுப்பிய படத்தைப் பாருங்கள். மலாய் மொழியில் ஒரு பதிவு. ஏதோ ஒரு வேர்ச்சாறு ஒரே மாதத்தில் நீரிழிவைக் குணப்படுத்தும் என்கிறது. பாட்டிலின் மேல் MAL என்று தொடங்கி T என்ற எழுத்தில் முடியும் மருந்துப் பதிவு எண். கீழே ஒருவர், “ஒரே வாரத்தில் 14-லிருந்து 7-க்கு இறங்கிவிட்டது” என்கிறார். இன்னொருவர், “மெட்ஃபோர்மின் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்கிறார். மூன்றாமவர் விலை கேட்கிறார்.

இத்தகைய படங்களில் நான் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பேன். அனுப்பியவரின் மனம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். ஒரு கருத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கலாம். அனுப்பியவரின் பெயரே கருத்துகளுக்கு நடுவில் இருக்கலாம். இந்தப் படத்தின் அடியில், கருத்து எழுதும் கட்டத்தில், “அண்ணி, டாக்டரிடம்” என்று தட்டச்சு செய்து பாதியில் விட்டிருந்தார். மாத்திரையை நிறுத்தியவர் அவருடைய அண்ணி என்று புரிந்தது. இருந்தாலும் கேட்டுவிடுவதே முறை.

“அக்கா, மருந்து சரியானதா என்று பார்த்துச் சொல்லவா, அண்ணிக்கு எழுதப் பதில் வேண்டுமா?”

“பதில்தான் தம்பி. சண்டை வராமல் சொல்ல வேண்டும்.”

பதில் எழுதுவதற்கும் சரிபார்த்தாக வேண்டும். ஆனால் கண்டுபிடித்ததையெல்லாம் பதிலில் கொட்டக் கூடாது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்கு MAL என்று தொடங்கும் எண் இருக்கும். கடைசி எழுத்து T என்றால் அது பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் QUEST3+ தளத்தில் யாரும் அந்த எண்ணைத் தேடலாம். தேடினேன். எண் உண்மையானது, ஆனால் அதற்குரிய பொருள் வேறு: உடல்நலத்துக்கான ஒரு சாதாரண டானிக். பாட்டிலில் இருந்த பெயர் அங்கே இல்லை. எண் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, பெயரும் பொருந்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெயர் பொருந்தியிருந்தாலும், பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றது நீரிழிவைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டதாக ஆகாது. நீரிழிவைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

14, 7 என்ற சர்க்கரை அளவுகளும் அப்படித்தான். சாப்பிட்ட பின் பார்த்த 14-ஐயும் வெறும் வயிற்றில் பார்த்த 7-ஐயும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. கட்டுப்பாட்டை அறிய, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் ஒன்று சில நாள்களிலேயே சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால், அதில் சொல்லப்படாத ஆங்கில மருந்து கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும். ஏற்கெனவே நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும் அபாயம் உண்டு.

இவ்வளவையும் விற்பவரின் பதிவுக்குக் கீழே எழுதினால் அவர் அழித்துவிடலாம். அண்ணிக்கோ ஊரறிய அவமானம். அதனால் தனிச்செய்தியாக அனுப்பும்படி இதை எழுதிக் கொடுத்தேன்:

“அண்ணி, அந்தப் பாட்டிலில் உள்ள எண் வேறொரு மருந்துடையது. அதைக் குடிக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லிவிடுவோம். நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளினிக் போகலாம். நானும் வருகிறேன்.”

அக்கா கருத்துகளின் சுருக்கத்தைக் கேட்டிருந்தால், இந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்னால் தந்திருக்கவே முடியாது. முகநூல் பெரும்பாலும் தனக்கு முக்கியமென்று தோன்றும் கருத்துகளையே மேலே காட்டும். கண்ணில் பட்ட மூன்றை வைத்து, “எல்லாரும் குணமானதாகச் சொல்கிறார்கள்” என்று சொல்ல முடியாது. மேல்பகுதி வெட்டப்பட்டிருந்ததால் பதிவு எப்போது வந்தது என்பதும் தெரியவில்லை. அதற்குப் பதிவின் இணைப்பே வேண்டும்.

ஆகவே அனுப்பும்போது, “உண்மையா?”, “என்ன சொல்கிறார்கள்?”, “என்ன பதில் எழுதலாம்?” இவற்றில் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். மருந்து கையில் இருந்தால் பாட்டிலின் நான்கு பக்கமும் தெரியும்படி படமெடுங்கள். முன்பின் தெரியாதவர்களின் பெயர்களையும் முகங்களையும் மறைத்துவிடுங்கள். மருந்து ஏற்கெனவே குடித்தாகிவிட்டது என்றால், படத்துக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.