சம்ப் வற்றும்போது போன் எப்படி ஒலிக்கிறது

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துச் சம்பில் தண்ணீர் குறைவது, மோட்டார் வெறுமனே ஓடத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் தெரியவரும். அதற்குப் பிறகு லாரிக்குச் சொன்னால் அன்றைக்கு வந்து சேராது. அதனால் சம்பின் மூடியில் ஒரு அல்ட்ராசானிக் சென்சாரைப் பொருத்தி, அதை வீட்டிலிருக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோடு இணைத்தேன். அளவு எடுப்பது சுலபமாக முடிந்தது. அந்தச் செய்தி என் போனுக்கு எப்படி வந்து சேரும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நாளானது.

இணையம் வழியாக வெளியிலிருந்து யாரும் ஒரு போனை நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. அதற்கு நிலையான முகவரி கிடையாது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே முகவரியும் மாறிவிடும். அதனால் வேலை தலைகீழாக நடக்கிறது. போன்தான் சர்வரை அழைத்து, அந்த இணைப்பைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. செய்தி வந்ததும் சர்வர் அதே இணைப்பில் தள்ளிவிடுகிறது. நான் பயன்படுத்தும் ntfy என்ற திறமூல மென்பொருள் செய்வது இதைத்தான். டாக்கர் போட்ட ராஸ்பெரி பையில் அதைச் சர்வராக நிறுவ ஒரு வரி போதும்:

```
docker run -d --restart unless-stopped -p 8090:80 \
  -v ntfy:/var/cache/ntfy binwiederhier/ntfy \
  serve --cache-file /var/cache/ntfy/cache.db
```

கடைசியில் வரும் `--cache-file` முக்கியம். போன் தொடர்பில் இல்லாத நேரத்தில் வரும் செய்திகளை சர்வர் வழக்கமாக 12 மணி நேரம் வைத்திருந்து, போன் திரும்பி வந்ததும் கொடுக்கும். இந்தக் கோப்பு இல்லாவிட்டால் அவை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சர்வர் ஒருமுறை நின்று கிளம்பினால் போய்விடும்.

செய்தி அனுப்புவது இவ்வளவுதான்:

```
curl -H "Priority: high" -d "சம்ப் 20%-க்குக் கீழே" \
  http://192.168.1.20:8090/sump
```

`sump` என்பது நாமே வைத்துக்கொள்ளும் பெயர். போனில் உள்ள ntfy செயலியில் சர்வரின் முகவரியையும் இந்தப் பெயரையும் கொடுத்துவிட்டால் போதும்.

வீட்டுக்குள் இது உடனே வேலை செய்யும். வெளியே போனால் 192.168 முகவரிக்கு அர்த்தமே இல்லை. ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமே என்று தோன்றும். முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. போர்ட் திறந்தும் பயனில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். எங்கிருந்தாலும் நம் கருவிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் Tailscale என்ற மென்பொருளை ராஸ்பெரி பையிலும் போனிலும் போட்டு, அது கொடுத்த முகவரியைச் செயலியில் எழுதினேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சர்வர் வெளியுலகுக்குத் தெரியாது. பொதுவெளியில் வைத்தால் பெயரை ஊகிக்கும் எவரும் நம் செய்தியைப் படிக்கலாம், பொய்ச் செய்தியும் அனுப்பலாம். அப்போது கடவுச்சொல் கட்டாயம் வேண்டும்.

அடுத்த தொல்லை போனிலேயே இருந்தது. பேட்டரியைச் சேமிப்பதற்காக ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடும் செயலிகளை உறங்க வைக்கும். அப்போது பிடித்துவைத்த இணைப்பு அறுந்துபோகும். ஒரு நாள் இரவு 2 மணிக்குப் போன செய்தி காலையில் திரையைத் தொட்டபோதுதான் ஒலித்தது. கண்டுபிடிக்க வழி உண்டு: பல செய்திகள் மொத்தமாக வந்து, ஒவ்வொன்றின் மேலும் பழைய நேரம் இருந்தால் சர்வர் மேல் தவறில்லை, போன்தான் உறங்கியிருக்கிறது. ntfy, Tailscale இரண்டுக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியானது. ஐபோனில் கதை வேறு. அங்கே செயலி இப்படி இணைப்பைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆப்பிளின் சர்வர் வழியாகத்தான் போனை எழுப்ப முடியும். அதற்காக சர்வர் அமைப்பில் `base-url` என்பதில் நம் சர்வரின் முகவரியையும், `upstream-base-url` என்பதில் `https://ntfy.sh` என்பதையும் கொடுக்க வேண்டும். அந்த வழியாக எழுப்பும் சமிக்ஞை மட்டுமே போகிறது. செய்தியைப் போன் நம் சர்வரிலிருந்தே வாங்கிக்கொள்கிறது.

அப்புறம், அளவைப் பார்த்துச் செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட். மோட்டார் ஓடும்போது தண்ணீர் அலையும். அளவு 19, 21, 20, 19 என்று ஆடும். "20-க்குக் கீழே போனால் சொல்" என்று மட்டும் எழுதியதால் ஒரே மாலையில் பதினைந்து முறை போன் அடித்தது. மூன்றாவது நாளே என் மனைவி ஒலியை நிறுத்திவிட்டார், அதற்குப் பிறகு எச்சரிக்கை இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்போது 20-க்குக் கீழே இறங்கியதும் ஒருமுறை மட்டும் சொல்லி, "சொல்லியாயிற்று" என்று ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது. அளவு 30-ஐத் தாண்டினால்தான் அந்தக் குறிப்பை அழிக்கும். இடையிலுள்ள 10 சதவீதம்தான் அலையைத் தாங்கிக்கொள்கிறது.

மின்வெட்டில் பையும் ரவுட்டரும் சேர்ந்தே அணைந்தால் எந்தச் செய்தியும் வராது. சம்ப் நிறைந்திருந்தாலும் அதே மௌனம்தான். இரண்டையும் இன்வெர்ட்டரில் மாட்டினேன். அதோடு தினமும் காலை 7 மணிக்கு, ஒலியெழுப்பாத முன்னுரிமையில், அன்றைய அளவை ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காபி குடிக்கும்போது அது திரையில் இல்லையென்றால், சென்சாரோ பையோ இணைப்போ ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று மாடியிலிருந்து இறங்கிப் போய்ச் சம்ப் மூடியைத் திறந்து பார்க்கிறேன்.