ஒயிட் கோட் ஹைப்பர்டென்ஷன்: ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறும் பிரஷர்

"எனக்கு டென்ஷனே கிடையாதுப்பா. எப்படி ஹைப்பர்டென்ஷன் வரும்?" என்று என் சித்தி கேட்டார். வயது 58, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைக்கு முன் செய்யும் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் 162/96 என்று வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது 156/94. சீட்டில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சித்தியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை உண்டாக்கியது சொல்தான்.

தமிழில் நாம் 'டென்ஷன்' என்று சொன்னால் அது மனப்பதற்றம். பஸ் வரவில்லை என்றால் டென்ஷன், பிள்ளையின் பரீட்சை முடிவு வரும் நாளில் டென்ஷன். ஆனால் மருத்துவச் சொல்லில் உள்ள 'டென்ஷன்' வேறு. இழுத்தல், விறைக்கச் செய்தல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் அதில் உண்டாகும் விசையை இயற்பியல் பாடத்தில் இழுவிசை என்று படித்தோம் அல்லவா, அந்த டென்ஷன். ரத்தம் உள்ளிருந்து தள்ளும்போது குழாயின் சுவர் விறைக்கிறது. 'ஹைப்பர்' என்பது மிகை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆக, ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்தக் குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கிறது என்பது மட்டுமே. மனதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. நிம்மதியாக வாழ்கிறவருக்கும் அது வரும், பதறிக்கொண்டே இருப்பவருக்கு வராமலும் போகும்.

அந்தக் காலப் பத்திரிகைகள் 'ரத்தக் கொதிப்பு' என்று எழுதின. கோபக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணத்தை வளர்த்ததில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ரத்தம் எங்கும் கொதிப்பதில்லை. இன்று பாடநூல்களில் 'உயர் ரத்த அழுத்தம்', 'மிகை அழுத்தம்' என்று இருக்கிறது. இலங்கையில் 'குருதி அமுக்கம்' என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் பிரஷர் அல்லது பிபி.

இப்போது முன்னொட்டுக்கு வருவோம். ஒயிட் கோட் என்பது மருத்துவர் அணியும் வெள்ளை அங்கி. மருத்துவர் முன்னால் உட்காரும்போது அளவு கூடி, வீட்டில் இயல்பாக இருந்தால் அதற்கு 'ஒயிட் கோட் ஹைப்பர்டென்ஷன்' என்று பெயர். இந்த ஒரு வகையில்தான் நம்முடைய 'டென்ஷனு'க்கும் மருத்துவத்தின் 'டென்ஷனு'க்கும் உண்மையான உறவு இருக்கிறது.

இதை நேரடியாகப் பிடித்துக் காட்டியவர் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே மான்சியா. 1983-இல் வெளியான அவருடைய ஆய்வில் 48 பேரின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்து, அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் வருவதற்கு முன் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்தது. மருத்துவர் வந்தவுடனே அழுத்தம் ஏறத் தொடங்கி, ஒன்று முதல் நான்கு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டது. மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 கூடியது. ஒருவருக்கு மேல் அளவு வெறும் 4 கூடியது, இன்னொருவருக்கு 75. மருத்துவர் கிளம்பும் நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. அழுத்தத்தைப் பார்க்க வந்தவரே அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார் என்பது அப்படி எண்ணாகத் தெரிந்தது. ஆபத்து என்று உடல் நினைத்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகவும் அழுத்தியும் துடிக்கும், சிறு தமனிகள் சுருங்கும். எதிரே இருப்பது பாம்பா ஸ்டெதஸ்கோப்பா என்று அந்த ஏற்பாடு பார்ப்பதில்லை.

1988-இல் நியூயார்க்கின் தாமஸ் பிக்கரிங் குழுவினர், அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்த, மருந்து எடுக்காத 292 பேரை எடுத்துக்கொண்டார்கள். உடலில் மாட்டிய கருவியால் நாள் முழுக்க அளந்தபோது, ஐந்தில் ஒருவருக்குப் பகல் நேர அளவு இயல்பாகவே இருந்தது. இந்தப் பெயர் மருத்துவர்களிடையே பரவலானதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வெள்ளை அங்கி மிகை அழுத்தம்' என்பது சொல்லுக்குச் சொல். தவறில்லை, ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. நம் ஊரில் தெருவோரக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பெரும்பாலும் சாதாரணச் சட்டையில்தான் இருப்பார். பதற்றம் அங்கியைப் பார்த்து வருவதில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல், டெட்டால் வாடை, கையில் பட்டை இறுகும் அந்த நொடி, 'என்ன வரப்போகுதோ' என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்துதான் ஏற்றுகின்றன. மருத்துவர்களே இதற்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: மருத்துவமனையில் மட்டும் தனித்துக் காணப்படும் மிகை அழுத்தம். அந்த வழியில் போய் 'மருத்துவமனை மிகை அழுத்தம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. பேச்சில் 'ஆஸ்பத்திரி பிரஷர்' என்றால் சித்திக்கு உடனே புரிந்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு, ஆஸ்பத்திரியில் 140/90 அல்லது அதற்கு மேல், வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழ் என்று இருந்தால்தான் இந்தப் பெயர். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மருத்துவமனையில் ஏறும். அதை 'வெள்ளை அங்கி விளைவு' என்று தனியாகச் சொல்வார்கள். அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால், வீட்டில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ஆனால் வீட்டில் அளவு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நாமாக நிறுத்திவிடவும் கூடாது. நன்றாக இருப்பது மாத்திரையால்கூட இருக்கலாம்.

அப்புறம், சித்தி விஷயம். டாக்டர் ஒரு வாரம் வீட்டில் அளந்து வரச் சொன்னார். மேல்கையில் பட்டை கட்டும் மின்னணுக் கருவி வாங்கினோம். மணிக்கட்டில் கட்டுவதை டாக்டர் வேண்டாம் என்றார், கை இருக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் அதில் எண் மாறிவிடும். முதல் நாளே ஒரு தப்பு கண்ணில் பட்டது. பெட்டியோடு வந்த பட்டை சித்தியின் கைக்குச் சின்னது, ஒட்டும் பகுதி நுனியில்தான் பிடித்தது. சின்னப் பட்டை அளவை ஏற்றிக் காட்டும். டேப் வைத்து மேல்கையின் நடுப்பகுதியின் சுற்றளவைப் பார்த்தால் 34 செ.மீ., பட்டையில் எழுதியிருந்ததோ 22 முதல் 32 வரை. பெரிய பட்டையைத் தனியாக வாங்கினோம்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன் அளக்க வேண்டும். இரவு படுக்கைக்கு முன் மறுபடி. சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசை மேல் வைத்து, தேவையானால் ஒரு தலையணையை அடியில் கொடுத்தால் பட்டை இதயத்தின் உயரத்துக்கு வரும். கை தொங்கினால் எண் பொய்யாகக் கூடும். சட்டைக் கையின் மேல் கட்டக்கூடாது. கருவி ஓடும்போது பேசக்கூடாது. சித்திக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான், பட்டை இறுகும்போதே "அடுப்பை அணைச்சியா?" என்பார். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். திரையில் SYS என்று வருவது மேல் அளவு, DIA கீழ் அளவு.

ஏழு நாள் எழுதினோம். ஒவ்வொரு நாளின் நான்கு அளவுகளையும் சராசரி எடுத்தபோது, முதல் நாள் 146/88. இரண்டாம் நாளிலிருந்து 132/82, 128/80, 130/82, 136/84, 126/78, 128/80. முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, புதுக் கருவியின் பயம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளின் சராசரி 130/81. இது 135/85-க்குக் கீழ்.

ஐந்தாம் நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். காலை 132/82, 130/80. இரவு 144/88, அடுத்தது 138/86. அன்று மாலை நிலப் பிரச்சினை பேச உறவினர்கள் வந்து போயிருந்தார்கள். 144-ஐப் பார்த்ததும் சித்தி மூன்றாவது, நான்காவது என்று அழுத்திக்கொண்டே போகப் பார்த்தார். அங்கேதான் வீட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரி உருவாகிறது. பயந்து பயந்து அளந்தால் அளவு ஏறும், ஏறியதைப் பார்த்துப் பயம் கூடும். இரண்டோடு நிறுத்திப் புத்தகத்தை மூடச் சொன்னேன். குறைவான எண்ணை மட்டும் பொறுக்கி எழுதுவதும் கூடாது, வந்ததை வந்தபடி எழுத வேண்டும். முடிவு சொல்வது சராசரிதான், ஒற்றை எண் இல்லை. வாரம் முடிந்ததும் கருவியைப் பீரோவில் வைத்துவிட்டோம்.

180/110 அல்லது அதற்கு மேல் வந்து, சற்று நேரம் அமைதியாக இருந்து அளந்தாலும் குறையவில்லை என்றால் அது வேறு விஷயம், அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் பலவீனம், பார்வை மங்கல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மின்னணுக் கருவியின் எண்ணை நம்ப முடியாமல் போகலாம், அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஆஸ்பத்திரியில் இயல்பாக இருந்து வீட்டில் கூடுவது. 'மறைந்த மிகை அழுத்தம்' என்று அதைச் சொல்லலாம். அதுதான் ஆபத்து கூடியது, யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள் என்பதால்.

ஆஸ்பத்திரி பிரஷர் முழுக்கத் தீங்கற்றதும் இல்லை. இது இருப்பவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் நிலையான ரத்த அழுத்தமே வந்துவிடுகிறது. சித்தியின் நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதவில்லை, ஆனால் அப்படியே விட்டுவிடவும் இல்லை. ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொன்னார், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார், அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி ஏழு நாள் அளந்து வரச் சொன்னார். பழைய சீட்டில் எழுதியிருந்த அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'வீட்டில் 130/81' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்புரை அறுவைக்கு அந்தச் சீட்டையே எடுத்துக்கொண்டு போனோம்.