சீசனாலிட்டி: தங்க சார்ட்டுல இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல எப்படிச் சொல்லணும்

காரைக்குடி பக்கம் சீசன்ங்கிற சொல்லை விளக்க வேண்டியதே இல்ல. கல்யாண சீசன்னா மண்டபம் கிடைக்காது, குற்றாலத்துல சீசன்னா அருவியில தண்ணி விழுது. ஆனா தங்கத்தோட விலை சார்ட்டைப் போட்டு "சீசனாலிட்டி" அப்படின்னு ஒருத்தர் எழுதுறப்போ அது வேற அர்த்தம், அந்த வித்தியாசம் தெரியாம நம்ம ஊர்ல நெறைய பேரு கல்யாண நகை வாங்குற தேதியவே மாத்திடுறாங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்ல சொல்லோட வேர். சீசன்ங்கிறது இங்கிலீஷுக்கு பழைய பிரெஞ்சுல இருந்து வந்துச்சு, பிரெஞ்சுக்கு லத்தீன்ல இருந்து. லத்தீன்ல சாத்தியோன்னா விதைக்கிறது. விதைக்கிற காலம்தான் மெதுவா வருஷத்தோட எந்தக் காலத்துக்கும் பொதுவான பேரா ஆயிருக்கு. நம்ம பருவமும் அதே வேலையத்தான் செய்யுது, பருவம் பாத்து விதைக்கிறதுன்னு சொல்றோம்ல, அதுதான். அப்போ சீசனாலிட்டின்னா வருஷா வருஷம் அதே மாசத்துல அதே மாதிரி திரும்பி வர்ற ஏத்த இறக்கம். நெல்லுக்கு, வெங்காயத்துக்கு இது சரியா பொருந்தும். அறுவடை வந்தா விலை இறங்கும், இருப்பு தீந்தா ஏறும், ரொம்ப நாள் வச்சா கெட்டுப்போகும், அதனால காலம் விலையப் பிடிச்சு ஆட்டும்.

தங்கத்த யாரும் விதைக்கிறதில்ல. வெட்டி எடுத்த தங்கம் அழியறதும் இல்ல. உலகத்துல மண்ணுக்கு மேல இருக்குற தங்கம் ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல, இந்தியா மொத்தமும் சேந்து ஒரு வருஷத்துல வாங்குறது சாதாரணமா 700, 800 டன். தைல நம்ம ஊர்ல கடை நிரம்பி வழியலாம், ஆனா விலைய முடிவு பண்ற இடம் லண்டனும் நியூயார்க்கும், அங்க டாலர்ல ஒரு அவுன்ஸுக்கு விலை போகுது, அந்த விலை பாக்குறது அமெரிக்க வட்டி, டாலரோட பலம், பயம், இதையெல்லாம். நம்ம முகூர்த்த நாள் அங்க ரொம்ப சின்ன விஷயம்.

இப்போ தமிழ்ச்சொல். நெறைய பேரு "பருவப்போக்கு"ன்னு எழுதுறாங்க. எனக்கு அது பிடிக்கல, காரணம் சொல்றேன். புள்ளியியல் பாடத்துல ஒரு விலைத் தொடர நாலு துண்டா பிரிப்பாங்க: நீள்காலப் போக்கு, பருவகால மாறுபாடு, சுழல் மாறுபாடு, சீரற்ற மாறுபாடு. அங்க போக்குன்னா வருஷக்கணக்கா ஒரே பக்கம் போறது, அதாவது டிரெண்டு. பருவம் அதுக்கு மேல வந்து போற சின்ன ஆட்டம் மட்டும்தான். ரெண்டையும் சேத்து பருவப்போக்குன்னு சொன்னோம்னா படிக்கிறவங்க ஒண்ணுன்னு நினைச்சுக்குவாங்க. சீசனாலிட்டிக்கு சரியான தமிழ் பருவகால மாறுபாடு. நீளமா இருந்தா பருவ மாறுபாடுன்னு சுருக்கிக்கலாம்.

இது வெறும் சொல் சண்டை இல்ல, சார்ட்டுல பணமாவே தெரியும். ஒரு பொருள் வருஷத்துக்கு 12 சதவீதம் ஏறிக்கிட்டு இருக்குன்னு வைங்க, அப்போ எந்த மாசத்த எடுத்தாலும் சராசரியா ஒரு சதவீதம் ஏத்தம் சும்மாவே இருக்கும், அது போக்கு. அந்த சார்ட்டுல அக்டோபருக்கு நேரா 1.2 சதவீதம்னு பச்சை கட்டை நின்னா "தீபாவளிக்கு ஏறுது பாருங்க"ன்னு சொல்லுவாங்க, ஆனா போக்கைக் கழிச்சா தீபாவளிக்குன்னு மிஞ்சுறது 0.2 சதவீதம். ரூபாய் விலையில போடுற சீசனல் சார்ட் பலதுல எல்லா மாசமும் பச்சையா தெரியறதுக்கு இதுதான் காரணம், போக்கைக் கழிக்காமலே போட்டுடுறாங்க.

2020ல எங்க வீட்டுலயே நடந்தத சொல்றேன். எங்க ஆச்சி, எங்க பக்கம் அக்காவ அப்படித்தான் கூப்பிடுவோம், அவக மகளுக்கு ஆவணியில கல்யாணம்னு பேசி வச்சிருந்துச்சு. கழுத்துரு வீட்டுல இருந்தது, வளையலுக்கும் சங்கிலிக்குமா பத்து பவுன் வாங்கணும். பங்குனி ஆரம்பத்துல பவுன் 32 ஆயிரத்தை ஒட்டி இருந்துச்சு. ஆச்சி போன்ல வந்த ஒரு சார்ட்ட காமிச்சு, "ஏன் தம்பி, ஆடியில கல்யாணம் கிடையாது, வாங்க ஆளும் இருக்காது, விலை இறங்கும்னு இதுல போட்டுருக்கே, அதுவரைக்கும் பொறுக்கலாமுல்ல?"ன்னு கேட்டாக. எனக்கு அன்னைக்கு பதில் சொல்லத் தெரியல. பொறுத்தாக.

அப்புறம் ஊரடங்கு வந்துச்சு. அந்த வருஷம் அட்சய திருதியை ஏப்ரல் 26, நகைக்கடை எல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. இந்தியாவுல அந்த வருஷ மொத்த வாங்கல் 446 டன், முந்தின வருஷம் 690 டன், அதாவது மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுபோச்சு. நம்ம வாங்குறதாலதான் விலை ஏறுதுன்னா அந்த வருஷம் விலை விழுந்திருக்கணும். ஆனா வருஷ ஆரம்பத்துல லண்டன்ல 1,500 டாலர் பக்கம் இருந்த அவுன்ஸ் ஆகஸ்ட் 6ஆம் தேதி 2,067 டாலர் போச்சு, அதுவரைக்கும் இல்லாத உச்சம். நம்ம காலண்டர்ல அது ஆடி 22. கல்யாணமே இல்லாத ஆடியில பவுன் 43 ஆயிரத்தைத் தாண்டுச்சு. அந்த இடைவெளியில இறக்குமதி வரி மாறல, டாலர் மதிப்பும் பெருசா நகரல, ஏறினது முழுக்க லண்டன் விலை. மார்ச்லயே அமெரிக்க மத்திய வங்கி வட்டிய கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கிட்டாங்க, முதலீட்டாளர் காசுக்கு தங்கத்த வாங்கி வைக்கிற ஈடிஎஃப் பண்டுகள் மட்டும் அந்த வருஷம் உலகம் முழுக்க 870 டன்னுக்கு மேல சேத்துச்சு. ஆச்சிக்கு பத்து பவுனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல கூடிப்போச்சு. எட்டு பவுனோட நிறுத்திக்கிட்டாக, மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் சொல்லல, ஆனாலும் ஆச்சிக்கு அது ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு.

சார்ட் பொய்யான்னா, பொய் இல்ல, கணக்கு சரிதான், ஆனா எத்தன வருஷத்த வச்சு போட்டாங்கன்னு பாக்கணும். பத்து வருஷ சார்ட்டுன்னா ஆகஸ்டுக்கு இருக்குறது பத்தே பத்து ஆகஸ்ட். 2011 ஆகஸ்ட்ட எடுத்துக்குங்க, லண்டன்ல ஜூலை கடைசியில 1,628 டாலரா இருந்தது ஆகஸ்ட் கடைசியில 1,813 ஆச்சு, 11 சதவீதத்துக்கு மேல. அமெரிக்காவோட கடன் மதிப்பீட்ட அந்த மாசம் 5ஆம் தேதி குறைச்சாங்க, ஐரோப்பாவுல கடன் நெருக்கடி வேற. இந்த ஒரு ஆகஸ்ட் உள்ள இருக்குற பத்து வருஷ சார்ட்டுல, மத்த ஒம்போது ஆகஸ்டும் கூட்டிக் கழிச்சா பூஜ்யம்னு வச்சாலும், சராசரி 1.1 சதவீதத்துக்கு மேல காமிக்கும். கீழ "கல்யாண சீசனுக்கு முன்னாடி கடைக்காரங்க ஸ்டாக் பண்றாங்க"ன்னு ஒரு காரணமும் எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வருஷத்த எடுத்துட்டா காரணமும் போயிடும். அதனால யாராவது சீசனல் சார்ட் அனுப்பினா நான் கேக்குறது ரெண்டுதான், எத்தன வருஷம், அதுல எத்தன வருஷம் ஏறுச்சு எத்தன வருஷம் இறங்குச்சு. பத்துல ஆறு ஏத்தம் நாலு இறக்கம்னா அது காசு சுண்டிப் போட்டாலும் வர்ற மாதிரிதான்.

இன்னொரு கோளாறு, நம்ம பண்டிகை இங்கிலீஷ் மாசத்துல ஒரே இடத்துல நிக்காது. தீபாவளி 2022ல அக்டோபர் 24, 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31. அட்சய திருதியை 2023ல ஏப்ரல் 22, 2024ல மே 10. சார்ட் போடுறவங்க ஏப்ரல், மே, அக்டோபர்னு கட்டை கட்டையா நிறுத்துறாங்க, அப்போ தீபாவளி ஒரு வருஷம் இந்தக் கட்டையில, இன்னொரு வருஷம் அந்தக் கட்டையில. தமிழ் மாசத்துல பிரிச்சுப் போட்டா கொஞ்சம் தேவலாம், ஆனா யாரும் அப்படி போட்டு நான் பாக்கல.

2024 ஆடியில அதே பழைய சார்ட் மறுபடி எல்லார் போன்லயும் சுத்துச்சு, ஏன்னா அந்த ஆடியில நெசமாவே விலை விழுந்துச்சு. ஜூலை 23, ஆடி 7, ஒரே நாள்ல பவுனுக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல. "ஆடி வந்துருச்சுல்ல"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு பட்ஜெட், தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்துல இருந்து 6 ஆச்சு. 115 ரூபாய்க்கு வந்த சரக்கு 106 ரூபாய்க்கு வருதுன்னா எட்டு சதவீதம் பக்கம் குறையும், அந்தக் குறைவு அன்னைக்கும் அடுத்த சில நாள்லயும் வந்துச்சு. பட்ஜெட் மார்கழியில வந்திருந்தா மார்கழியில குறைஞ்சிருக்கும். ஆனா இன்னும் பத்து வருஷத்துக்கு சார்ட்டுல இது "ஆடி இறக்கம்"னுதான் சராசரியில உக்காந்திருக்கும். இதுக்குத்தான் ரூபாய் சார்ட்ட பாக்குறப்போ மூணையும் தனித்தனியா பாக்கணும்: லண்டன் டாலர் விலை, டாலருக்கு எத்தன ரூபாய், வரி எவ்வளவு. இந்த மூணுல எது நகந்துச்சுன்னு பாத்தாலே பருவமா வேற ஏதாவதான்னு தெரிஞ்சுடும்.

பருவம் எங்கயுமே இல்லன்னு நான் சொல்ல வரல. அது இருக்குற இடம் வேற. பண்டிகை நேரத்துல நம்ம நாட்டு மொத்த வியாபாரிங்க அதிகாரப்பூர்வ விலைக்கு மேல கொஞ்சம் கூட்டி விப்பாங்க, ஆள் இல்லாத மாசத்துல அதே வியாபாரி தள்ளுபடி குடுப்பாரு. சில்லறைக் கடையில அது செய்கூலி சேதாரத்துல தெரியும். பவுன் விலை போர்டுல மாறாது, ஆனா ஆடியில சேதாரம் குறைப்பாங்க, தை முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு ரூபாய் குறைக்க மாட்டாங்க. பருவ மாறுபாடுங்கிற சொல் உண்மையா பொருந்துறது இங்கதான், இத எந்த விலை சார்ட்டும் காமிக்காது.

ஆச்சியோட சின்ன மகளுக்கு 2024ல வாங்குறப்போ விலைக்காக காத்திருக்கல. சித்திரையில இருந்தே மாசம் ரெண்டு பவுனா காசா வாங்கி வச்சாக. ஆடியில வளையல் எடுக்கப் போனப்ப கடைக்காரர் பவுன் விலையப் பத்தி பேச ஆரம்பிச்சாரு, ஆச்சி அத விட்டுட்டு, "விலை இருக்கட்டும்ங்க, சேதாரம் எவ்வளவு போடுறீங்க?"ன்னு கேட்டாக. 12 சதவீதம்னு சொன்னவரு அரை மணி நேரத்துல 9க்கு வந்தாரு.