மாதப் பதிவு அட்டவணையைக் கடைசித் தேதியிலிருந்து எழுதுங்கள்

சிறு வணிகர்கள் என்னிடம் கொண்டுவரும் சமூக ஊடக அட்டவணைகளில் பெரும்பாலானவை முதல் தேதியில் தொடங்கி முப்பது கட்டங்களையும் நிரப்பியவையாக இருக்கின்றன. சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2025 அக்டோபர் 20 அன்று வந்த தீபாவளிக்காக, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் பெண்மணி ஒருவர் காட்டிய அட்டவணையும் அப்படித்தான் இருந்தது. அடுப்படியில் அவரையும் சேர்த்து மூன்று பேர். ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் செய்ய இயலாது.

ஆகவே பதிவுகளைத் தொடாமல், ஆர்டர் நிறுத்தும் தேதியை முதலில் குறித்தோம். பண்டிகை நெரிசலில் சிக்காமல் வெளியூர்ப் பார்சல்கள் போய்ச்சேர 14ஆம் தேதிக்குள் கூரியரில் ஏற வேண்டும், அதற்கு முன் செய்து, ஆறவைத்து, கட்டுவதற்கு நான்கு நாள் வேண்டும் என்பதால் வெளியூர் ஆர்டரை 10ஆம் தேதியோடும், உள்ளூர் ஆர்டரை 15ஆம் தேதியோடும் முடித்தோம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, செப்டம்பர் 18 முதல் நான்கு வாரங்களுக்கு, வாரம் மூன்று என்று பன்னிரண்டு பதிவுகள் போதும் என்று தீர்மானித்தோம். முதல் மூன்றில் விலையே இல்லை. அதிரச மாவு புளிக்கக் காத்திருப்பதும், முறுக்கு பிழியும் கையும்தான் இருந்தன. நான்காவதில் விலைப்பட்டியல் வந்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு பதிவிலும் எடை, விலை, கடைசித் தேதி மூன்றும் இடம்பெற்றன. இரண்டு கட்டங்களை வேண்டுமென்றே காலியாக விட்டோம். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கான பதில் அங்கே போகும். அக்டோபர் 1 ஆயுத பூஜைக்குப் பதிவு போடவில்லை. அன்று ஊரே கேட்பது பொரி, கடலை, அவர் விற்பதோ அவை அல்ல.

படங்களையும் காணொளிகளையும் செப்டம்பரில் இரண்டே நாட்களில் எடுத்து முடித்தோம், ஏனெனில் ஆர்டர் குவிந்த பின் எண்ணெய்க் கையோடு எவரும் கைப்பேசியைத் தூக்க மாட்டார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கையாள உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம். ஆனால் கடைசி வாரத்துக்குரியவற்றை வரைவாக மட்டுமே வைத்திருந்தோம். முன்பு என்னிடம் வந்த வணிகர் ஒருவருக்கு எல்லாவற்றையும் நேரம் குறித்து வைத்துவிட்டு, சரக்கு தீர்ந்த மறுநாள் காலையில் ‘இன்றே ஆர்டர் செய்யுங்கள்’ என்ற பதிவு தானாக வெளியாகி, நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டு விடையளிக்க நேர்ந்தது என் தவறுதான்.

அட்டவணையில் தேதி, பொருள், படம், பதில் சொல்பவர் என்ற பத்திகளோடு, அந்தப் பதிவைப் பார்த்து வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு பத்தி வைத்தோம். விருப்பக்குறி அதிகம் விழுந்தது அந்தப் பெண்மணி பிடிவாதமாகச் சேர்த்த நவராத்திரி கோலப் படத்துக்கு; அதைப் பார்த்து ஒருவர்கூட விலை கேட்கவில்லை. குறைவாகவே பார்க்கப்பட்ட அதிரச மாவுக் காணொளிதான் அதிக விசாரணைகளைக் கொண்டுவந்தது.