மூச்சு வாங்கும் இடத்தில் பென்சில் வையுங்கள்

சொந்த வாழ்க்கையை எழுதும் கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் அன்றாட வேலை. அப்பா, அம்மா, விட்டு வந்த வீடு, மூடிய கடை என்று பெரும்பாலும் இழப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். எழுதியவர் உண்மையாகவே கலங்கித்தான் எழுதியிருப்பார். ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஏன் என்று கண்ணால் படித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, தாளில் இல்லாததையும் நினைவு சேர்த்துக்கொடுத்துவிடும். அதனால் யார் கட்டுரை தந்தாலும், முதலில் வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன்.

ஒரு பெண் தன் அப்பாவின் தையல் கடை மூடிய நாளைப் பற்றி எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்:

"அன்று காலை அப்பா எழுந்து குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்து தையல் மெஷினை வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. அப்பாவும் மிகுந்த துயரத்தில் இருந்தார். அந்த நாள் மறக்க முடியாத நாளாக இருந்தது."

இதைச் சத்தமாக வாசித்துவிட்டு மேலே போங்கள். முதல் வாக்கியத்தில் 'அழைத்துக்கொண்டு' வரும்போதே மூச்சு தீர்ந்துவிடும். தமிழில் முடிக்கும் வினை கடைசியில் வருவதால், அது எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. அதுவரை குரல் நிற்க முடியாமல் ஓடுகிறது. 'எழுந்து' தொடங்கி 'கொடுத்துவிட்டு' வரை எட்டு வினையெச்சங்கள். குளித்ததும் சட்டை மாற்றியதும் எந்த வேகத்தில் போகின்றனவோ, அதே வேகத்தில் மெஷினும் போய்விடுகிறது. கட்டுரையே அந்த மெஷினைப் பற்றியது. அது கைமாறும் கணத்துக்கு ஒரு முற்றுவினைகூடக் கிடைக்கவில்லை. வாக்கியத்தின் முழு எடையும் 'திரும்பினார்' மேல் விழுகிறது.

வினையெச்சத் தொடரே கூடாது என்று சொல்லவில்லை. கை நிற்காமல் செய்யும் வேலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வடிவம் தமிழில் இல்லை. எது முக்கியமோ அது அந்தத் தொடருக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த மூன்று வாக்கியங்களில் சிக்கல் வேறு. 'இருந்தது', 'இருந்தார்', 'இருந்தது'. மூன்று முறையும் குரல் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இறங்குகிறது. கண்ணுக்கு இது உறுத்தாது. காதுக்கு உடனே தெரியும். 'இருந்தது' என்பதை 'தோன்றியது' என்று மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. சொல் மாறும், தட்டை அப்படியே இருக்கும். அந்த மூன்று வாக்கியங்களிலும் யாரும் எதுவும் செய்யவில்லை என்பதுதான் காரணம்.

மூன்றாவது அறிகுறிதான் எனக்கு மிக முக்கியமானது. 'மிகவும் வேதனையாக' என்ற இடத்தில் வாசிப்பவரின் குரலைக் கவனியுங்கள். 'மிகவும்' என்பதைக் கொஞ்சம் இழுப்பார், அழுத்துவார். சொல்லில் இல்லாத வேதனையைக் குரல் கொண்டுவரப் பார்க்கிறது. குரல் உதவிக்கு வரும் இடமெல்லாம், உணர்ச்சியின் பெயர் மட்டும் இருக்கும் இடம்.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தவே வேண்டாம். எழுதி முடித்து ஓரிரு நாள் போகட்டும். பிறகு தாளில் அச்செடுத்து, வரிகளுக்கிடையில் இடம் விட்டு, கையில் பென்சிலோடு உட்காருங்கள். மூச்சு வாங்கினாலோ வேகம் கூடினாலோ ஒரு சாய்கோடு. குரல் ஒரே மாதிரி இறங்கினால் அடிக்கோடு. குரலால் நடிக்கத் தோன்றினால் ஒரு வட்டம். இடையில் நின்று திருத்த ஆரம்பித்தால் தாளம் அறுந்துபோகும், அடுத்த பத்தியில் எதுவும் காதில் விழாது. செய்தி வாசிப்பவரைப் போலவும் வேண்டாம், மேடைப் பேச்சும் வேண்டாம். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்று எண்ணி வாசித்தால் போதும்.

சாய்கோடும் அடிக்கோடும் வாக்கியத்தை உடைத்துச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வட்டத்தை அப்படித் தீர்க்க முடியாது. அதற்கு நினைவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "வாங்குறவர் வர்றதுக்கு முன்னாடி அப்பா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்?" சற்று யோசித்துவிட்டு, "மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தார்" என்றார். அப்புறம் அவர் எழுதி வந்தது இது:

"வாங்குபவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டார். ஹெட்டைப் பின்னால் சாய்த்து, அடியில் படிந்த பஞ்சை பிரஷ்ஷால் தட்டி, ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டுத் துடைத்தார். ஒரு துண்டுத் துணியில் நீளமாகத் தையல் ஓட்டிப் பார்த்தார். 'விக்கப்போற மெஷினுக்கு எதுக்குப்பா எண்ணெய்?' என்றேன். 'போற இடத்துல சத்தம் போடக்கூடாதுல்ல' என்றார். அவர் குரல் தழுதழுத்தது. எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. பத்து மணிக்கு மெஷினை வண்டியில் ஏற்றினார்கள்."

இதிலும் ஒரு வினையெச்சத் தொடர் இருக்கிறது. சாய்த்து, தட்டி, விட்டு. ஆனால் மூச்சு வாங்கவில்லை. பழகிய கை செய்யும் வேலை, வாக்கியமும் அதே ஓட்டத்தில் போகிறது. மெஷின் போவதற்குத் தனி வாக்கியம், தனி முற்றுவினை.

இரண்டாம் வாசிப்பில் வட்டம் விழுந்தது ஒரே இடத்தில்: 'அவர் குரல் தழுதழுத்தது'. அப்பா சொன்ன பதிலிலேயே எல்லாம் வந்துவிட்டது. அதற்குமேல் விளக்கம் சேர்த்ததால் வாசித்தவரின் குரல் தடுமாறியது. அதை அடித்துவிட்டோம். ஆனால் 'எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது' என்பதைத் தொடவில்லை. அதுவும் உணர்ச்சியை நேராகச் சொல்லும் வாக்கியம்தான். ஆனால் யாரும் எதிர்பார்க்காத உணர்ச்சி, வேறு எந்த வழியிலும் தெரியவராத செய்தி. வாசிக்கும்போது குரல் அங்கே இயல்பாக நின்றது, உதவிக்கு ஓடவில்லை. சொல்லவே கூடாது, காட்டத்தான் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் இப்படிப்பட்ட நல்ல வாக்கியங்கள்தான் முதலில் போகும்.

வாசிப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. எழுதியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று முன்பே தெரியும். தாளில் இல்லாத நிறுத்தத்தைக் குரல் போட்டுக்கொள்ளும். போனில் பதிவு செய்து மறுநாள் தாளோடு கேட்டால் இதில் பாதி பிடிபடும். மீதிக்கு வேறொருவர் வேண்டும். கட்டுரையை முன்பு படிக்காத ஒருவரிடம் கொடுத்து, முன்னுரை எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி, வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்புகிறாரோ அங்கே குறியுங்கள். வாசித்து முடித்தபின் அவர் சொல்லும் கருத்தைவிட அந்தத் தடுக்கல் நம்பகமானது.

தையல் கடைக் கட்டுரையை அலுவலகத்தில் இன்னொருவர் வாசித்தார். 'ஹெட்டைப் பின்னால் சாய்த்து' என்ற இடத்தில் நின்றுவிட்டார். தையல்காரர் வீட்டில் வளர்ந்தவருக்கு அது தினமும் கேட்ட சொல். இவருக்கு எதன் ஹெட் என்று புரியவில்லை. அதற்குப் பதிலாக 'மேல்பாகம்' என்று போடலாமா என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அப்பாவின் கடையில் புழங்கிய சொல், அதுதான் இருக்க வேண்டும். 'மெஷினின் ஹெட்டை மேசையிலிருந்து பின்னால் சாய்த்து' என்று இரண்டு சொற்கள் சேர்த்தார். மறுபடி வாசித்தபோது யாரும் நிற்கவில்லை.