கால் கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லை என்றால்

அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் 36 வயதுத் தொழிலாளி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். இடுப்பு வலி என்றும் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றும் மட்டுமே அவர் சொன்னார். உடன் வந்த மனைவியை வெளியே அமரச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடி, "கால் கழுவும்போது தண்ணி படுறது தெரியுதா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "புதன்கிழமையிலிருந்து தெரியல சார், மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றார். காலையில் ஆண்குறி விறைப்பது வழக்கம்போல் இருக்கிறதா என்று அடுத்து கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தார். அதுவும் புதன்கிழமைதான் நின்றிருந்தது. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோயின் போக்கை மாற்றவில்லை.)

இவருக்கு ஒரு வருடமாக இடுப்பு வலி இருந்தது. ஜவ்வு விலகியிருக்கிறது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றித் திரும்பும்போது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்திருக்கிறார். அதுவரை இடது காலில் மட்டும் இழுத்துக்கொண்டிருந்த வலி அன்று இரவே இரண்டு கால்களிலும் இறங்கியது. செவ்வாய்க்கிழமை ஊசி போட்டுக்கொண்டார். புதன்கிழமை மேலே சொன்ன இரண்டு மாற்றங்களும் வந்தன. வியாழக்கிழமை சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தது, நீரின் வேகமும் குறைந்தது. அன்று மாலை கால் வலி பாதியாகக் குறைந்ததால், மருந்து வேலை செய்கிறது என்று நம்பி அவர் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். அந்த வலிக் குறைவைக் குணமாக எடுத்துக்கொண்டதுதான் அவருக்கு ஒரு முழு இரவை இழக்க வைத்தது. அழுத்தப்பட்ட நரம்பு உணர்வை இழக்கத் தொடங்கும்போது வலியும் மங்குவதுண்டு.

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, தண்டுவடம் எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் இடுப்பு எலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, முதுகெலும்பின் குழாய்க்குள், நரம்பு வேர்கள் குதிரையின் வால் முடிபோலக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு இறங்குகின்றன. மருத்துவத்திலும் இதற்குக் குதிரைவால் என்றே பெயர். கொத்தின் ஓரத்தில் செல்லும் வேர்கள் கால்களுக்குப் போகின்றன. நடுவில் மெல்லியதாகச் செல்பவை, முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்பின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்புகள். சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பது, ஆசனவாயை இறுக்கிப் பிடிப்பது, தொடையிடுக்கின் உட்புறத்துக்கும் பிறப்புறுப்புக்கும் ஆசனவாயைச் சுற்றிய தோலுக்கும் உணர்வு தருவது, ஆண்குறிக்கு இரத்தத்தைப் பாய்ச்சி விறைப்பை உண்டாக்குவது ஆகிய நான்கு வேலைகளும் இந்த மூன்று வேர்களிடம் இருக்கின்றன.

ஜவ்வு பக்கவாட்டில் பிதுங்கினால் ஓரத்து வேர் ஒன்று நசுங்கி ஒரு காலில் வலி வரும், பெரும்பாலோருக்கு வருவது இதுதான். ஜவ்வின் உள்ளிருக்கும் பசைப் பொருள் பெரிய துண்டாகக் கிழித்துக்கொண்டு நடுவில் வந்து விழுந்தால், குழாயின் இடம் முழுவதும் அடைபட்டு நடு வேர்கள் நசுங்கும். அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும் மூன்று கோளாறுகள் ஓரிரு நாளுக்குள் சேர்ந்து வருகின்றன. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் முழுவதும் மரத்துப்போகிறது, விறைப்பு நிற்கிறது, சிறுநீர் தடைபடுகிறது.

இந்த மூன்றில் நோயாளிகள் கடைசியாகச் சொல்வது விறைப்பு நின்றதைத்தான், பலர் சொல்வதே இல்லை. அதைத் தனிநோயாக எண்ணி, ஆண்மைக் குறைவுக்கு மருந்து தருவதாகச் சுவரொட்டி ஒட்டும் இடங்களைத் தேடிப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாலோ இரத்தக் குழாய் அடைப்பாலோ வரும் விறைப்புக் குறைவு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். மன அழுத்தத்தால் வருவது திடீரென வரக்கூடும், ஆனால் அதில் விடியற்காலை விறைப்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், தொட்டால் உணர்வும் இருக்கும். நரம்பு நசுங்கி வருவதற்கு அடையாளம், முதுகில் பிசகிய ஓரிரு நாட்களுக்குள் அது நிற்பதும், அதோடு ஆண்குறியிலும் விதைப்பையிலும் ஆசனவாயைச் சுற்றியும் தொடு உணர்வு மங்குவதும்தான். மனக் கிளர்ச்சியால் எழும் விறைப்புக்கு இந்த வேர்களுக்கு மேலே பிரியும் நரம்புகளும் ஓரளவு துணை நிற்பதால் சிலரிடம் அரைகுறை விறைப்பு எஞ்சியிருக்கும். அதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பெண்களுக்கும் இதே நரம்புகள் இதே வேலையைச் செய்கின்றன, உடலுறவின்போது உணர்வே இல்லை என்பது அவர்களிடம் இதற்கு இணையான அறிகுறி. அதைக் கேட்பவர்களும் சொல்பவர்களும் இன்னும் குறைவு.

சிறுநீர் விஷயத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் இதேபோன்ற ஒரு நோயாளியிடம் "யூரின் போகுதா?" என்று கேட்டேன். "போகுது சார், அடிக்கடி போகுது" என்றார். நல்லது என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்து சொட்டுச் சொட்டாக வெளியேறிக்கொண்டிருந்ததை அவர் போகிறது என்று சொன்னார். மறுநாள் காலை மூத்த மருத்துவர் அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தபோது தொப்புள் வரை பந்துபோலத் திரண்டிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்ததும் முட்ட வேண்டிய உணர்வைத் தருவதும் இந்த நரம்புகள்தான் என்பதால், அவருக்கு முட்டவும் இல்லை, வலிக்கவும் இல்லை. அன்று முதல் நான் கேட்கும் கேள்விகள் வேறு. முட்டுகிற உணர்வு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, போகும்போது குழாயில் நீர் செல்வது தெரிகிறதா, போய் முடித்த பிறகு முடிந்தது என்பது தெரிகிறதா என்று கேட்கிறேன்.

வலி மாத்திரைகளாலும் இந்தக் குழப்பம் கூடுகிறது. டிரமடால், அமிட்ரிப்டிலின் போன்றவை தாமாகவே சிறுநீரைத் தாமதப்படுத்தும், கடுமையான வலியும் மலச்சிக்கலும் அப்படித்தான். மாத்திரையின் பக்கவிளைவு என்று எளிதில் ஒதுக்கிவிட இது இடம் தருகிறது. ஆனால் அந்த மாத்திரைகள் சைக்கிள் சீட்டு படும் இடத்தை மரக்கச் செய்வதில்லை.

மண்டித் தொழிலாளிக்கு வருவோம். ஆசனவாயைச் சுற்றி ஊசி முனையால் மெல்லத் தொட்டபோது இரு பக்கமும் குத்துவது தெரியவில்லை. ஆசனவாயின் இறுக்கம் தளர்ந்திருந்தது. இந்த இறுக்கத்தை விரலால் அளவிடுவதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு வரும், இறுக்கம் இயல்பாக இருக்கிறது என்பதால் மட்டும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடுவது சரியல்ல. ஸ்கேன் கருவியால் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிட்டுக் குழாய் செருகினோம். 1,100 மி.லி. வெளியேறியது. பொதுவாக 400 முதல் 500 மி.லி. நிறைவதற்குள் நமக்குப் பலமாக முட்டத் தொடங்கிவிடும். போய் முடித்த பிறகும் 200 மி.லி.க்கு மேல் தங்கினாலே, மற்ற அறிகுறிகளோடு சேர்த்து, சந்தேகம் வலுப்பெறும். குழாய் செருகும்போது அவர் முகம் சுளிக்கவே இல்லை. சாதாரணமாக எந்த மனிதனும் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் தருணம் அது.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வோ நரம்போ தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் கடைசி இடுப்பெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையிலிருந்து வெளியேறிய பெரிய துண்டு குழாயை அடைத்திருந்தது. நரம்புகளைச் சுற்றி வெள்ளையாகத் தெரிய வேண்டிய நீர் அந்த மட்டத்தில் தெரியவே இல்லை. அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து, பின்புற எலும்பின் ஒரு பகுதியை நீக்கித் துண்டை எடுத்தோம்.

எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதற்கு 48 மணி நேரம் என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்கள் அதற்குப் பின் செய்யப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று காட்டியதிலிருந்து அது பரவியது. இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது என்று அதை நோயாளியும் மருத்துவமனையும் வாசித்துவிடுவதால் அந்த எண்ணை எனக்குப் பிடிப்பதில்லை. அறுவைக்கு முந்தைய நிலைதான் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மரப்பு தொடங்கி, முக்கினாலாவது சிறுநீர் போகிற கட்டத்தில் வருபவருக்கு மீட்சி நன்றாக இருக்கிறது, சிறுநீர்ப்பை முற்றிலும் செயலிழந்து வழியும் கட்டத்தில் வருபவருக்கு அந்த உறுதியைத் தர முடிவதில்லை. முதல் கட்டம் இரண்டாவதாக மாறுவதற்கு ஓர் இரவு போதும், சிலருக்குச் சில மணி நேரமே போதும்.

இவர் இரண்டாவது கட்டத்தில் வந்தவர். கால் வலி மறுநாளே போய்விட்டது. சிறுநீரைத் தாமே குழாய் செருகி நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்றக் கற்றுக்கொண்டு, நான்கு மாதம் அப்படி நடத்தினார். இடப்பக்கத்து மரப்பு இன்றும் இருக்கிறது. விறைப்பு ஒரு வருடத்துக்குப் பிறகு ஓரளவு திரும்பியது, அதுவும் மாத்திரையின் துணையோடு. (நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அந்த வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது.) இந்த நரம்புகள் தேறுவது மிக மெதுவாக நடக்கும், ஓரிரு வருடங்கள் வரை முன்னேற்றத்தைப் பார்க்கிறோம்.

ஜவ்வு விலகியவர்கள் கழிவறையில் தினமும் இதைக் கவனிக்கலாம். கால் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சி தொடையின் வெளிப்புறத்தில் தெரிவதுபோலவே ஆசனவாயைச் சுற்றியும் தெரிய வேண்டும். ஒரு காலின் வெளிப்பக்கமோ பாதமோ மட்டும் மரப்பது வேறு கணக்கு, அதற்கு மருத்துவரை ஓரிரு நாளில் பார்க்கலாம். நடுப்பகுதி மரத்தாலோ, புதிதாகச் சிறுநீர் தடைபட்டாலோ, விறைப்பு திடீரென நின்றாலோ, இரண்டு கால்களிலும் ஒன்றாக வலி இறங்கினாலோ திங்கட்கிழமை புறநோயாளிப் பிரிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உருவிவிடுவது, எண்ணெய் போட்டு மிதிப்பது, இழுவை வைப்பது எதுவும் அந்த நிலையில் வேண்டாம். எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவை செய்பவரும் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் சாப்பிடாமல் செல்லுங்கள்.

அங்கே "முதுகு வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசியில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஜவ்வு விலகியிருக்கு, அடியில மரத்துப்போச்சு, யூரின் முட்டறது தெரியல, விறைப்பும் நின்னுபோச்சு" என்று இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்.